தங்கத்துக்கு ஒரு லேயர், புடைப்புக்கு ஒரு லேயர்

கல்யாணப் பத்திரிகையில் மின்னும் தங்க எழுத்தில் தங்கம் கிடையாது. தங்க நிற மையும் கிடையாது. அது அலுமினியம். மெல்லிய பாலியஸ்டர் படலம் ஒன்றின் மேல் சூடுபட்டால் விட்டுக்கொடுக்கும் ஒரு பூச்சு, அதற்கு மேல் மஞ்சள் சாயம் கலந்த வார்னிஷ், அதற்கும் மேல் வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியம், கடைசியாகச் சூட்டில் இளகும் பசை. இத்தனை அடுக்குகளையும் சுமந்து வரும் சுருளைத்தான் அச்சகங்களில் ஃபாயில் என்கிறார்கள். சூடான உலோக பிளாக் அதன் மேல் அழுத்தும்போது, அழுத்திய இடத்தில் மட்டும் பசை இளகி அட்டையைப் பிடித்துக்கொள்கிறது. வார்னிஷும் அலுமினியமும் அட்டைக்கு வந்துவிடுகின்றன. பாலியஸ்டர் படலம் வெறுமையாகச் சுருண்டு போகிறது. வார்னிஷில் மஞ்சள் இல்லாவிட்டால் அதே சரக்கு வெள்ளி ஃபாயில். செம்பு நிறச் சாயம் சேர்த்தால் ரோஸ் கோல்டு.

இதில் டிசைனர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த பிளாக்குக்கு நிறம் தெரியாது. வெளிர்மஞ்சள், அடர்மஞ்சள், நிழல், பளபளப்பு எதுவும் தெரியாது. உலோகம் மேடாக இருக்கும் இடத்தில் ஃபாயில் ஒட்டும், பள்ளமாக இருக்கும் இடத்தில் ஒட்டாது. எழுத்தைப் புடைக்க வைக்கும் எம்போஸிங்கும், குறிப்பிட்ட இடத்தில் மட்டும் கண்ணாடிபோல் வார்னிஷ் ஏற்றும் ஸ்பாட் யுவியும் அப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் தனிக் கருவி, தனி மெஷின், தனி ஓட்டம். ஆகவே ஒவ்வொன்றுக்கும் கறுப்பு வெள்ளையில் தனிப் படமும் வேண்டும். விலை கூடிய பத்திரிகை ஒன்று கெட்டுப்போனால், பெரும்பாலும் அந்தக் கேடு மெஷினில் ஆரம்பிப்பதில்லை. அதற்குச் சில நாள் முன்பே, இந்தப் படங்களைப் பிரிக்காமல் அனுப்பிய கம்ப்யூட்டரில் ஆரம்பித்திருக்கும்.

ஒரு பத்திரிகையையே எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம். மூடிய நிலையில் 7 அங்குலச் சதுரம், விரித்தால் 14 அங்குல அகலம். 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு. அட்டை முழுக்க அடர் அரக்கு நிறம், மேலே மேட் லேமினேஷன். முகப்பின் மேல்பாதியில் 40 மில்லிமீட்டர் உயரத்தில் பிள்ளையார், தங்கக் கோடுகளில், சற்றே புடைத்து. கீழே ‘திருமண அழைப்பிதழ்’ என்ற தலைப்பும் மணமக்கள் பெயரும் தங்க ஃபாயிலில். நான்கு ஓரத்திலும் பட்டுப்புடவைக் கரைபோல ஒரு மாங்காய் வரிசை, அரக்கு மேல் அரக்காக, சாய்த்துப் பிடித்தால் மட்டும் மின்னும் ஸ்பாட் யுவியில். ஆயிரம் பிரதிகள். சென்னைப் பாரிமுனைக் கடைகளில் ஆல்பம் புரட்டினாலும் சரி, சிவகாசியில் நேராக ஆர்டர் கொடுத்தாலும் சரி, இன்று சாதாரணமாகக் கேட்கப்படும் வகைதான் இது. தீப்பெட்டி, பட்டாசு லேபிள்களுக்காக வளர்ந்த சிவகாசி அச்சுத்தொழில் காலண்டர், டைரி வழியாகப் பத்திரிகைக்கும் வந்தது. இப்போது இந்த மூன்று வேலைகளையும் ஒரே ஊருக்குள் முடித்துக் கொடுக்கிறார்கள்.

பெண்வீட்டாருக்கு வாட்ஸ்அப்பில் போகும் மாதிரிப்படத்தில் பிள்ளையார் அசல் தங்கம்போலவே இருப்பார். மஞ்சளிலிருந்து பழுப்புக்கு வழுக்கிச் செல்லும் கிரேடியன்ட் போட்டு டிசைனர் அப்படிக் காட்டியிருப்பார். பார்த்துச் சம்மதம் சொல்ல அது போதும், அச்சுக்குப் போதாது. அந்தக் கோப்பு அப்படியே அச்சகத்துக்குப் போனால் இரண்டு விபத்துகள் காத்திருக்கின்றன. பிளாக் செய்பவர் அந்தக் கிரேடியன்ட்டைக் கறுப்பு வெள்ளையாக்கும்போது கோடுகள் நுண்புள்ளிகளாக உடையும், அந்தப் புள்ளிகளில் ஃபாயில் திட்டுத்திட்டாக விழும். இரண்டாவது இன்னும் அடிக்கடி நடப்பது. ஃபாயிலுக்குத் தனியாக பிளாக் செய்தாயிற்று, ஆனால் கலர் அச்சுக்கான கோப்பிலிருந்து அந்த மஞ்சள் பிள்ளையாரை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ஆஃப்செட்டில் மஞ்சள் பிள்ளையார் அச்சாகிவிடுவார், அவர் மேல் தங்கப் பிள்ளையார் விழுவார். அரை மில்லிமீட்டர் விலகினாலும் ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் மங்கிய மஞ்சள் நிழல் எட்டிப் பார்க்கும். பத்திரிகையைக் கையில் வாங்கும் பலருக்கும் எங்கே தவறு என்று சொல்லத் தெரியாது. ஏதோ சுத்தமில்லை என்று மட்டும் தோன்றும்.

சரியான முறை இது. கோரல்டிராவிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ ஒரே பக்கத்தில், ஒரே அளவில், ஐந்து லேயர்கள். அடியில் கலர் அச்சு. அதற்கு மேல் FOIL, EMBOSS, SPOT_UV என்று பெயரிட்ட மூன்று. உச்சியில் வெட்டும் கோடும் மடிப்புக் கோடும் உள்ள DIE. ஃபாயில் லேயரில் இருப்பது எல்லாம் ஒரே தனி நிறத்தில், நூறு சதவீதம் அடர்த்தியில் இருக்க வேண்டும். அந்த நிறத்தைச் சாதாரண நாலு கலர்க் கலவையாக வைக்காமல் ஸ்பாட் கலராக அறிவித்து, அதற்கும் FOIL என்றே பெயர் வைப்பது நல்லது. திரையில் அது பளிச்சென்ற மஜந்தாவாக இருந்தாலும் பாதகமில்லை. தங்கம்போலத் தெரியாமல் இருப்பதே மேல், யாரும் அதைக் கலர் அச்சு என்று குழப்பிக்கொள்ள மாட்டார்கள். எம்போஸுக்கும் யுவிக்கும் இதேபோல வேறு இரண்டு நிறங்கள்.

இதோடு ஓவர்பிரின்ட் என்ற ஒரு சின்னக் கட்டளையும் உண்டு. இதை மறந்தால் மென்பொருள் தன் இயல்புப்படி நடந்துகொள்ளும். மேலே ஃபாயில் நிறம் இருக்கும் இடத்தில் அடியிலுள்ள அரக்கு நிறத்தை வெட்டி எடுத்துவிடும். விளைவு, அரக்குப் பின்னணியில் பிள்ளையார் வடிவில் வெள்ளை ஓட்டை. ஃபாயில் அந்த ஓட்டைக்குள் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் ஓரத்தில் வெள்ளைக் கீற்று. ஃபாயில் ஒளிபுகாதது, அடியில் எந்த நிறம் இருந்தாலும் மறைத்துவிடும். அதனால் ஓட்டையே தேவையில்லை. மூன்று லேயரிலும் உள்ள எல்லாவற்றுக்கும் Overprint Fill கொடுத்துவிட்டால் அரக்கு நிறம் அடியில் தொடர்ச்சியாக ஓடும், சிறு பிசகு கண்ணில் படாது. பிடிஎஃப் எடுத்தபின் அக்ரோபாட்டில் Output Preview திறந்து ஒவ்வொரு நிறத்தையும் அணைத்து அணைத்துப் பார்த்தால், எது எங்கே இருக்கிறது என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கலர் நான்கையும் அணைத்து FOIL மட்டும் விட்டால் பிள்ளையாரும் எழுத்துகளும் மட்டும் நிற்க வேண்டும். வேறு எதுவும் நின்றால் கோப்பு இன்னும் தயாராகவில்லை.

தமிழ் எழுத்துக்கு இங்கே தனிக் கவனம் தேவை. பழைய எழுத்துருக் குறியீடுகள் இன்றும் டிசைன் சென்டர்களில் புழக்கத்தில் இருக்கின்றன. இன்னொரு கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் பெயர் வெறும் குறிகளாகிவிடும், யுனிகோடிலும் சில நேரம் கொம்பு இடம் மாறி நிற்கும். அதனால் அனுப்பும் முன் எல்லா எழுத்தையும் வளைகோடுகளாக மாற்றுவார்கள், கோரலில் Convert to Curves. அதோடு வேலை முடிந்ததாக நினைப்பதில்தான் ஆபத்து. சில தமிழ் எழுத்துருக்களில் ஓர் எழுத்து இரண்டு துண்டுகளால் ஆனது, உகரச் சுழியோ காலோ மூல எழுத்தின் மேல் கொஞ்சம் ஏறி நிற்கும். வளைகோடாக்கி ஒன்றுசேர்க்கும்போது, அந்த ஏறி நின்ற இடம் கறுப்பாக இல்லாமல் வெள்ளை ஓட்டையாகிவிடக்கூடும். திரையில் சிறிதாகப் பார்த்தால் தெரியாது, பிளாக்கில் வெட்டுப்போல விழும். Weld கட்டளையால் துண்டுகளை ஒன்றாக்கிவிட்டு, 800 சதவீதத்துக்குப் பெரிதாக்கி ஒவ்வொரு பெயரையும் பார்ப்பவர் இந்தக் குழியில் விழமாட்டார்.

பிறகு அளவு. ஃபாயிலில் கால் மில்லிமீட்டரை விட மெலிந்த கோடு நம்பத்தக்கதல்ல, சில இடத்தில் ஒட்டும், சில இடத்தில் அறுந்துபோகும். கோடுகளுக்கு இடையிலுள்ள இடைவெளி அதைவிட முக்கியம். சூட்டிலும் அழுத்தத்திலும் ஃபாயில் சற்று விரிந்தே விழும், எனவே 0.4 மில்லிமீட்டராவது வெளி வேண்டும். ண, ணை, ஞ, ஸ்ரீ போன்ற எழுத்துகளின் உள்வெளி முதலில் அடைபடும். 8 பாயிண்ட் அளவில் மெய்யெழுத்தின் புள்ளியே அரை மில்லிமீட்டருக்குள் சுருங்கிவிடுகிறது. அது சில பிரதிகளில் ஒட்டாமல் போனால் ‘கார்த்திக்’ ‘காரத்திக’ ஆகிவிடுவார். அதனால் பெயர்களை 20 பாயிண்டுக்குக் குறையாமல், சற்றுத் தடித்த எழுத்துருவில் வைத்து, படிப்பு, ஊர், முகூர்த்த நேரம் போன்ற சிறிய எழுத்துகளைச் சாதாரண மையிலேயே விட்டுவிடுவது அறிவு. எல்லாவற்றையும் தங்கத்தில் கேட்கும் வீட்டாருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதும் டிசைனர் வேலையில் சேர்த்தி. உட்பக்கத்து விவரம் முழுவதும் ஃபாயிலில் இருந்தால், ஒளி படும் கோணத்தில் பாதி எழுத்து கறுப்பாகவும் பாதி வெளுப்பாகவும் தெரியும். வயதானவர்கள் முகூர்த்த நேரத்தைத் தேட வேண்டியிருக்கும்.

பிள்ளையார் படம் இணையத்தில் இறக்கிய ஜேபெக்காக இருந்தால் அதை அப்படியே பயன்படுத்த முடியாது. தானாக டிரேஸ் செய்தால் துதிக்கையின் வளைவு முழுக்கப் பல்லுப்பல்லாக வரும். பேனா கருவியால் மறுபடி வரைந்தே ஆக வேண்டும். இந்த உதாரணத்துப் பிள்ளையாருக்கு ஏறக்குறைய முப்பது கோடுகள் போதும்.

எம்போஸிங் லேயரில் இருக்க வேண்டியது வேறு படம். ஃபாயில் லேயரை அப்படியே நகலெடுத்து EMBOSS என்று பெயர் மாற்றுவது மிகப் பழகிய தவறு. எம்போஸ் என்பது அட்டையின் நார்களை இழுத்து வளைக்கும் வேலை. பள்ளமான உலோக டை ஒரு பக்கம், அதற்குப் பொருந்தும் மேடான கவுண்டர் மறுபக்கம், நடுவில் அட்டை. மயிரிழைக் கோடுகளை அட்டையால் அப்படியே வாங்கிக்கொள்ள முடியாது, அவை மழுங்கிப்போகும். அதனால் எம்போஸ் லேயரில் பிள்ளையாரின் உடல், தலை, துதிக்கை, வயிறு என்ற பெரிய வடிவங்களை மட்டும் வைத்து, கோட்டு வேலையை ஃபாயிலிடம் விட வேண்டும். வடிவத்தின் வெளியோரத்தைத் தங்கக் கோட்டை விட அரை மில்லிமீட்டர் அகலமாக வைத்தால், இரண்டு ஓட்டங்களுக்கு இடையில் வரும் சிறு விலகல் அதில் கரைந்துபோகும். எவ்வளவு உயரம் புடைக்க வேண்டும், ஓரம் செங்குத்தா சாய்வா, ஒரே மட்டமா பல மட்டமா என்பதைப் படத்தால் சொல்ல முடியாது. பக்கத்தில் குறிப்பாகவே எழுதித் தர வேண்டும். 300 ஜிஎஸ்எம் அட்டைக்கு அரை மில்லிமீட்டருக்குள் நிற்பது பாதுகாப்பு. அதற்கு மேல் போனால், குறிப்பாக ஓரம் செங்குத்தாக இருந்தால், அரக்கு நிறம் விரிசல்விட்டு வெள்ளை நார் தெரியும். லேமினேஷன் படலம் இதைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும், முழுக்கத் தடுக்காது. வயிறும் துதிக்கையும் வெவ்வேறு உயரத்தில் சிலைபோல எழும்ப வேண்டுமானால், அமிலத்தில் அரித்து எடுக்கும் மெக்னீசியம், ஜிங்க் பிளாக்குகள் போதாது. பித்தளையில் செதுக்கிய டை வேண்டும், செலவும் பல மடங்கு.

புடைப்பின் மறுபக்கத்தை மறந்துவிடுகிறார்கள். முகப்பில் பிள்ளையார் புடைத்தால், அட்டையைத் திறந்ததும் உள் இடப்பக்கத்தில் அதே இடம் குழியாக இருக்கும். அங்கே தாத்தா பாட்டி பெயர்கள் அச்சாகியிருந்தால் எழுத்துகள் குழிக்குள் நெளியும். இந்தப் பத்திரிகையில் இடப்பக்கத்தின் மேல் 60 மில்லிமீட்டரைக் காலியாக விடலாம். அல்லது விவரங்களைத் தனித்தாளில் அச்சிட்டு உள்ளே ஒட்டலாம், குழியும் மறைந்துவிடும்.

மாங்காய்க் கரைக்கான ஸ்பாட் யுவி இன்னொரு உலகம். திரையச்சில், அதாவது ஸ்கிரீன் பிரிண்டிங்கில், நிறமற்ற திரவ வார்னிஷைத் தேவையான இடத்தில் மட்டும் வலை வழியாக இறக்கி, உடனே புற ஊதா விளக்கின் அடியில் அனுப்புவார்கள். நொடிப்பொழுதில் அது கெட்டியாகிவிடும். ஆஃப்செட் மை ஒன்றிரண்டு மைக்ரான் தடிமன்தான், இந்த வார்னிஷ் அதைப்போலப் பல மடங்கு தடித்தது. விரலால் தடவினால் தெரியும். இதன் அழகு முழுக்க மங்கலுக்கும் பளபளப்புக்கும் உள்ள முரணில் இருக்கிறது. அடர் நிற மேட் லேமினேஷன் மேல் அந்த முரண் உச்சத்தில் தெரியும். கிளாஸ் லேமினேஷன் மேல் போட்டால் பணம் வீண். கைக்காகிதம்போன்ற உறிஞ்சும் தாளில் போட்டால் எண்ணெய்க் கறைபோல உள்ளே இறங்கிவிடும். திரவம் என்பதால் ஓரம் கொஞ்சம் பரவும், எனவே SPOT_UV லேயரில் கோடுகள் ஃபாயிலை விடத் தடித்து, அரை மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மாங்காய்க்குள் நுணுக்கமான ஜரிகைக் கோடுகள் வரைந்து அனுப்பினால் அவை ஒன்றோடொன்று கலந்து ஒரே வழவழப்பான கட்டியாகும். மடிப்புக் கோட்டின் குறுக்கே யுவியை ஓடவிடவும் கூடாது. கெட்டியான வார்னிஷ் மடியாது, வெடிக்கும். அதனால் கரை வடிவத்தை மடிப்புக்கு இருபுறமும் 3 மில்லிமீட்டர் தள்ளி நிறுத்திவிட வேண்டும்.

வேலைகளின் வரிசையும் கோப்பைத் தீர்மானிக்கிறது. முதலில் ஆஃப்செட், மை நன்றாகக் காய்ந்தபின் மேட் லேமினேஷன், அதன் மேல் ஃபாயில், பிறகு ஸ்பாட் யுவி, அதன்பின் எம்போஸ், கடைசியில் வெட்டும் மடிப்பும். யுவி வார்னிஷின் வழவழப்பில் ஃபாயில் பிடிக்காது என்பதால் ஃபாயில் முந்துகிறது. ஸ்கிரீன் அச்சுக்குத் தட்டையான தாள் வேண்டும், புடைத்த பிள்ளையார் மேல் ரப்பர் ஸ்க்வீஜி ஓடினால் நசுங்குவார் என்பதால் எம்போஸ் பின்தங்குகிறது. இந்த வரிசையிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. எம்போஸ் வடிவமும் யுவி வடிவமும் ஒன்றன்மேல் ஒன்று வரக்கூடாது, வந்தால் புடைக்கும்போது வார்னிஷ் விரிசல் விடும். இந்தப் பத்திரிகையில் பிள்ளையாருக்கும் கரைக்கும் நடுவே தாராளமாக வெளி இருப்பதால் அந்தக் கவலை இல்லை.

ஆறு ஓட்டங்களும் ஒரே இடத்தில் விழ வேண்டுமே, அதற்கு என்ன வழி? ஒவ்வொரு மெஷினும் தாளைப் பிடிக்க இரண்டு ஓரங்களை நம்புகிறது. முன்னோரம் கிரிப்பர், பக்கவாட்டு ஓரம் சைட் லே. ஆஃப்செட்டில் எந்த இரண்டு ஓரங்களோ அதே இரண்டு ஓரங்கள் கடைசி வரை தொடர வேண்டும். ஆஃப்செட் தாளில் நான்கு பத்திரிகைகளை ஒன்றாக அடுக்கி அச்சிட்டுவிட்டு, ஃபாயில் மெஷின் சிறியது என்று தாளை நடுவில் வெட்டினால், வெட்டிய பாதிக்குப் புதிய ஓரம் வந்துவிடுகிறது. வெட்டில் வந்த பிசகும் சேர்ந்துகொள்ளும். லேமினேஷன் சூட்டிலும் காற்றின் ஈரத்திலும் தாள் கொஞ்சம் நீளும், சுருங்கும். எல்லாம் கூடி அரை மில்லிமீட்டர் விலகல் என்பது நல்ல அச்சகத்திலும் இயல்பு. அதை ஏற்றுக்கொண்டு டிசைன் செய்வதே புத்திசாலித்தனம். அச்சிட்ட மெல்லிய வட்டத்துக்குள் ஃபாயில் எழுத்தை இறுக்கிப் பொருத்துவது, தங்க எழுத்தைச் சுற்றி மயிரிழைக் கறுப்பு ஓரம் போடுவது போன்ற வடிவமைப்புகள் இந்த விலகலைப் பூதக்கண்ணாடியில் காட்டும்.

அச்சகத்துக்குக் கோப்பு அனுப்பும்போது எழுத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அனுப்பத் தேவையில்லை. பிளாக் செய்பவர் தானே திருப்பிக்கொள்வார், டிசைனரும் திருப்பினால் பெயர் தலைகீழாகிவிடும். பிடிஎஃப்போடு, எந்த நிறம் எந்த வேலை என்று ஒரு வண்ண மாதிரிப் பக்கமும் சேர்த்தனுப்புவது பல தொலைபேசி அழைப்புகளை மிச்சப்படுத்தும்.

முதல் சில பிரதிகள் வந்ததும் பார்க்க வேண்டியவை தெளிவாகவே தெரியும். ஃபாயில் எழுத்தின் உள்வெளி அடைந்திருந்தால் சூடு அல்லது அழுத்தம் கூடுதல். தங்கம் மங்கிப் புகைபடிந்ததுபோல் இருந்தாலும் சூடு கூடுதலே. லேமினேஷன் கொப்பளித்தாலும் அதேதான். திட்டுத்திட்டாக விட்டுப்போயிருந்தால் சூடு போதவில்லை, அல்லது அந்தப் படலத்துக்கு ஒவ்வாத ஃபாயில். செல்லோடேப்பை ஃபாயில் மேல் ஒட்டி மெதுவாக உரித்தால், நன்றாகப் பிடித்த ஃபாயில் அட்டையிலேயே நிற்கும். யுவி மேல் கட்டைவிரலை அழுத்தித் திருகினால் தடம் விழக்கூடாது. விழுந்தால் வார்னிஷ் முழுக்கக் கெட்டியாகவில்லை, கட்டிவைத்த பத்திரிகைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது கரையோடு அரக்கு நிறமும் உரிந்து வரும்.

இங்கே வீட்டாருக்கு ஒரு சேதி. பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவது நம் வழக்கம். லேமினேஷன் செய்த அட்டை ஈரத்தை உறிஞ்சாது. குழைத்த மஞ்சள் மேலேயே நின்று அடுத்த பத்திரிகையில் அப்பிக்கொள்ளும், யுவிக் கரையின் பளபளப்பையும் மூடிவிடும். உள்ளே ஒட்டிய தாள் லேமினேஷன் இல்லாததாக இருந்தால் அதன் மூலைகளில் தடவலாம், நன்றாகப் பிடிக்கும். டிசைனருக்கு இது முன்பே தெரிந்தால் அந்த மூலைகளில் எழுத்தோ பூவோ இல்லாமல் விட்டுவைப்பார்.

செலவுக் கணக்கும் இந்த லேயர்களிலிருந்தே வருகிறது. பிளாக்குக்குப் பரப்பளவை வைத்து ஒருமுறை விலை, ஃபாயிலுக்கு ஓடும் நீளம், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மெஷின் கூலி. பிளாக் செலவு 200 பத்திரிகைக்கும் 2,000 பத்திரிகைக்கும் ஒன்றே என்பதால், எண்ணிக்கை குறைந்தால் ஒரு பத்திரிகையின் விலை ஏறும். பிள்ளையார் மேலேயும் பெயர்கள் கீழேயும் தனித்தனியாக நின்றால், இரண்டையும் ஒரே பெரிய பிளாக்கில் அடக்காமல் இரண்டு சிறிய பிளாக்குகளாகச் செய்து ஒரே சட்டத்தில் பூட்டச் சொல்லலாம், நடுவிலுள்ள வெற்று உலோகத்துக்குப் பணம் போகாது. வேலை முடிந்ததும் பிளாக்குகளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்பவர்களும் உண்டு. அதே 40 மில்லிமீட்டர் பிள்ளையாரைக் காகிதத் தாம்பூலப் பையிலும் அடிக்கலாம். ஆனால் உலோகத்தைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ முடியாது, பையின் அளவை அதற்கேற்பத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும்.